யூனிஸ் கொடுக்காத ஒயர்

தாம்பரம் மேற்கில், பஸ் ஸ்டாண்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், இரண்டாம் மாடியில் அந்த கேமிங் சென்டர் இருந்தது. ஜன்னல்களையெல்லாம் கறுப்பு ஷீட் ஒட்டி மூடியிருந்தார்கள். யூனிஸ் காலை பத்து மணிக்கு உள்ளே போனால் வெயில் இறங்கியபிறகுதான் வெளியே வருவாள். ஞாயிறு கூட்டம் அதிகம் என்பதால் சர்ச்சுக்குப் போயே எட்டு மாதம் ஆகியிருந்தது.

வேலையை விடலாம் என்றால் அவளுடைய பி.எஸ்ஸி. ஒரிஜினல் சர்டிபிகேட் முதலாளி சத்யநாராயணனிடம் இருந்தது. சேரும்போது வாங்கித் தன் மேஜை டிராயரில் பூட்டி வைத்தவர். ஆறு மாதத்தில் தருகிறேன் என்றார். அதற்குள் ஒரு தப்பு நடந்தது. வீடியோ கேம் ஓடும் ஒரு கன்சோல் பெட்டியில் தண்ணீர் கொட்டியபோது, யூனிஸ் ஹேர் டிரையர் வைத்துக் காயவைத்து அன்றைக்கே ஆன் செய்துவிட்டாள். கருகிய வாசனை வந்தது; கன்சோல் செத்தது. அதற்குப் பிறகு சர்டிபிகேட் பேச்சை எடுத்தாலே, "பார்க்கலாம்மா" என்பார் சத்யநாராயணன். குரலை உயர்த்தாத மனிதர். கூரையில் இருந்த கேமராவில் ஸ்பீக்கரும் உண்டு. சேலையூர் வீட்டில் உட்கார்ந்தபடியே அதில் பேசுவார்.

ஒரு சனிக்கிழமை மதியம், நண்பனோடு ஃபுட்பால் கேம் ஆடிக்கொண்டிருந்த கல்லூரிப் பையன் அனிருத், கோல் போட்ட சந்தோஷத்தில் கையை வீசினான். பக்கத்தில் இருந்த ரோஸ் மில்க் பாட்டில் சரிந்து, கன்சோல் மேலும் அவன் மடியில் இருந்த கன்ட்ரோலர் மேலும் கொட்டியது.

"ஐயோ அக்கா!" அவன் கன்ட்ரோலரை உதறப் போனான்.

"உதறாத! உள்ள இன்னும் பரவும். அப்படியே கீழ வை."

யூனிஸ் கையைச் சுடிதாரில் துடைத்துக்கொண்டு முதலில் சுவரில் இருந்த ஸ்விட்சை அணைத்தாள். பிளக்கைப் பிடுங்கினாள். பிறகு டிவி ஒயரையும் சார்ஜ் ஒயரையும் கழற்றினாள். கன்ட்ரோலரின் நடு பட்டனை விளக்கு அணையும் வரை அழுத்திப் பிடித்தாள். வெளியே நின்ற பாலைத் துணியால் ஒற்றி எடுத்தாள். கன்சோல் பக்கவாட்டுத் துளைகளில் பால் இறங்கியிருந்தது. அந்தப் பக்கமே கீழே வருமாறு சாய்த்துப் பிடித்ததும் இளஞ்சிவப்பாகச் சொட்டியது.

"அக்கா, அரிசி டப்பால போட்டு வச்சா?"

"அரிசித் தூசி உள்ள போகும். பால், சர்க்கரை ரெண்டும் காஞ்சாலும் ஒட்டிக்கும். திறந்துதான் கழுவணும்."

அப்போது கூரையிலிருந்து குரல் வந்தது. "யூனிஸ், ஏன் எல்லாத்தையும் கழட்டிட்ட? நாலு மணிக்கு பர்த்டே புக்கிங் இருக்கு. ஒரு தடவை ஆன் பண்ணிப் பாரும்மா."

"சார், உள்ள ஈரம் இருக்கு. இப்ப கரண்ட் கொடுத்தா போர்டு போயிடும்."

"ஒரு நிமிஷம்தானே. ஓடுதா இல்லையான்னு தெரியட்டும்."

அனிருத்தும் நண்பனும் அவளையே பார்த்தார்கள். ஆன் செய்து செத்தால் அவள் கையால் செத்த இரண்டாவது கன்சோல். ஆன் செய்யாவிட்டால் சொன்ன பேச்சைக் கேட்காதவள். எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த டிராயர்தான் கண்ணில் நின்றது. பவர் ஒயரைச் சுருட்டித் தன் கைப்பைக்குள் போட்டாள். மெக்கானிக் ஜெபகுமாருக்கு போன் செய்தாள்.

அரை மணி நேரத்தில் சத்யநாராயணனே வந்து கையை நீட்டினார். "ஒயர்."

"ஜெபகுமார் அண்ணா வந்து பார்க்கட்டும் சார். அதுவரைக்கும் தரமாட்டேன்."

அவர் சிரித்தார். ஆனால் கையை மடக்கவில்லை. பர்த்டே பிள்ளைகள் படியேறி வரும் சத்தம் கேட்டது. யூனிஸ் பையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். அடுத்த ரூமில் ஆடிக்கொண்டிருந்தவர்களிடம் அனிருத்தே பேசி, பிள்ளைகளுக்கு அதை ஒழித்துக் கொடுத்தான்.

ஜெபகுமார் வந்து மூடியைத் திறந்தார். ஃபேனைச் சுற்றிப் பால் தேங்கி, பவர் சப்ளையின் ஓரம்வரை வந்து நின்றிருந்தது. "ஆன் பண்ணியிருந்தா முடிஞ்சிருக்கும் சார்," என்றார். ஒவ்வொரு பாகமாகக் கழற்றி ஸ்பிரிட்டால் துடைத்து, கன்ட்ரோலரையும் பிரித்து, இரண்டு நாள் காயவைக்கச் சொன்னார். செவ்வாய்க்கிழமை இரண்டுமே ஓடின.

அன்று யூனிஸ் கேட்டாள். "சார், கிண்டியில ஒரு இன்டர்வியூ. சர்டிபிகேட் வேணும்."

"நீ போயிட்டா இதையெல்லாம் யாரும்மா பார்ப்பாங்க?" என்றார் அவர், நிஜமான அக்கறையோடு.

அன்று சாயங்காலமே அவள் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதினாள். கொட்டினால் முதலில் சுவர் ஸ்விட்ச், ஈரக் கையால் தொடாதே. உதறாதே. ஹேர் டிரையர் கூடாது. ஓடுதா என்று ஆன் செய்து பார்க்காதே. மெக்கானிக் நம்பர். யார் வேண்டுமானாலும் படித்துச் செய்யலாம். இதற்கு யூனிஸ் வேண்டியதில்லை. சுவரில் ஒட்டிவிட்டுக் கேமரா பக்கம் திரும்பி நின்றாள்.

"அருமையா எழுதியிருக்கம்மா," என்றது ஸ்பீக்கர். "அடுத்த மாசம் ஊரப்பாக்கத்துல புது பிராஞ்ச் திறக்கறோம். அங்க இருக்கறவங்களுக்கும் நீயே போய்ச் சொல்லிக்கொடுத்திடு. ஞாயித்துக்கிழமை காலையில."