எண்ணூற்று நாற்பது வெள்ளிக்கு விளக்கம்

அய்யாவு இறந்து நாற்பத்தெட்டாம் நாள் ஆடிட்டரின் கடிதம் கிள்ளானுக்கு வந்து சேர்ந்தது. பண்டமாரான் சதுப்பு நிலத்தின் கொசு ஒழிப்பு வடிகால்களுக்கு 1931ஆம் ஆண்டில் ஒதுக்கிய தொகை ஆறாயிரத்து நானூறு வெள்ளி. செலவான தொகை ஏழாயிரத்து இருநூற்று நாற்பது. கூடுதல் செலவுக்கு முன்னனுமதி எதுவும் கோப்பில் இல்லை. பொறுப்பில் இருந்த ஓவர்சியர் பதினான்கு நாட்களுக்குள் எழுத்துமூலம் விளக்கம் தரவேண்டும்.

பொறுப்பில் இருந்த ஓவர்சியர் கிள்ளான் இடுகாட்டில் இருந்தார்.

கொசு ஒழிப்பு வாரிய அலுவலகத்தில் எழுத்து வேலைகளைக் கவனிக்கும் தலைமைக் கிராணி கபிரியேல், மறு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ரயிலேறி பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தார். அய்யாவுவின் மகன் ராதாகிருஷ்ணன் அங்கே ரயில்வேயில் வரைபடம் போடும் வேலையில் இருந்தான். இருபத்து மூன்று வயது. இரண்டு அறைகள் கொண்ட குவார்ட்டர்ஸ். கபிரியேல் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு கடிதத்தை நீட்டினார்.

"உங்கப்பா டைரியெல்லாம் தமிழ்ல எழுதியிருக்காரு தம்பி. எனக்குத் தமிழ் பேச வரும், ஜெபம் சொல்ல வரும். அவரு கையெழுத்தைப் படிக்க வராது. நீ பார்த்து இங்கிலீஷ்ல எழுதிக் குடு. புது இன்ஜினியர் கையெழுத்துப் போட்டு அனுப்புவாரு."

"பழைய இன்ஜினியர்?"

"நவம்பர்லயே லீவுல சீமைக்குப் போயிட்டாரு. அவரு வாயால சொன்னதுதான் எல்லாம். பேப்பர்ல ஒண்ணும் இல்ல."

பிறகு, சொல்ல வந்ததைச் சொன்னார். இந்தக் கேள்வி முடியும்வரை அய்யாவுவின் கிராஜுவிட்டியைக் கொடுக்க மாட்டார்கள். ஆயிரத்து நூறு வெள்ளி. அவருடைய தவறு என்று முடிவானால் அதிலிருந்துதான் பிடிப்பார்கள்.

ராதாகிருஷ்ணனின் அம்மா வீரம்மா, பண்டமாரானில் தகரக் கூரை போட்ட வீடு ஒன்றை ஆயிரத்து ஐம்பதுக்குப் பேசி வைத்திருந்தாள். வாரியத்தின் குவார்ட்டர்ஸை ஏப்ரல் முடிவுக்குள் காலி செய்தாக வேண்டும். மகனோடு பிரிக்பீல்ட்ஸுக்கு வர அவளுக்கு விருப்பமில்லை. அவர் நடந்த இடத்தில் நானும் நடந்துவிட்டுப் போகிறேன் என்று ஒரே முறை சொன்னாள்.

அய்யாவு அந்தச் சதுப்பில் இருபத்தாறு வருடம் நடந்தவர். கப்பலில் வந்திறங்கியபோது பதினெட்டு வயது. முதலில் வடிகால் கரையில் புல் வெட்டினார். பிறகு எண்ணெய் தெளிக்கும் டின்னை முதுகில் சுமந்தார். எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டது இருபத்தைந்து வயதுக்கு மேல். நனைத்தால் ஊதாவாக எழுதும் காப்பிப் பென்சிலை நாக்கில் தொட்டுத் தொட்டு எழுதுவார். அதனால் அவர் நாக்கில் எப்போதும் ஊதாக் கறை இருக்கும். வடிகாலில் கடல் நீர் ஏறியிருக்கிறதா என்று பார்க்க, உள்ளங்கையில் தண்ணீரை அள்ளி நுனிநாக்கால் தொட்டுப் பார்த்துத் துப்புவார். டாக்டர் கண்டித்தும் விடவில்லை. கண்ணாடிக் குழாயில் நீரெடுத்துப் போய்ப் பரிசோதித்தால் மூன்று நாள் ஆகும், கொசு மூன்று நாள் காத்திருக்காது என்பார்.

ராதாகிருஷ்ணன் டைரிகளைத் தேதிவாரியாக அடுக்கினான். அலுவலகத்தில் அவனுக்கு வேலை இப்படித்தான். முதலில் அளவு, பிறகு கோடு.

எண்ணூற்று நாற்பதில் பெரும்பகுதிக்குக் காரணம் எளிதில் கிடைத்தது. ஜூலைக் கடைசியில் கடல் நீர் பெரிதாக ஏறிக் கடலோர அணை உடைந்தது. உப்பும் நன்னீரும் கலந்த குட்டைகள் உண்டாயின. காய்ச்சல் கொசு அங்கேதான் விரும்பி முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரத்துக்குச் சற்று மேல் ஆகும். ஆகவே ஏழு நாளைக்கு ஒரு முறை எண்ணெய் தெளித்தே ஆகவேண்டும். ஒரு வாரம் தவறினால் அதுவரை தெளித்த எண்ணெயும் வீண். ஆகஸ்டு முதல் டிசம்பர் வரை இருபத்திரண்டு வாரம், வாரத்துக்கு இருபத்தைந்து கேலன் அதிக எண்ணெய்: நூற்று முப்பத்திரண்டு வெள்ளி. தெளிக்க ஆறு ஆள் கூடுதல், நாளுக்கு ஐம்பது காசு: முந்நூற்றுத் தொண்ணூற்றாறு.

ஆகஸ்டு மூன்றாம் தேதிக் குறிப்பு: "இன்ஜினியர் துரை கரையில் வந்து பார்த்தார். நிறுத்தாதே, காசை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். கூலியாள் நாகையா கூட இருந்தான்."

பணம் தீர்ந்தது அய்யாவுக்கு ஏன் தெரியவில்லை என்பதும் விளங்கியது. எண்ணெய்க் கம்பெனி மூன்று மாதம் கழித்துத்தான் பில் அனுப்பும். செலவுப் பதிவேட்டில், பில் பணம் கட்டிய பிறகுதான் தொகையை எழுதுவார்கள். அக்டோபரில் அவர் அலுவலகத்தில் கேட்டபோது ஒதுக்கீட்டில் இன்னும் ஆயிரத்து நூறு மீதி என்றார்கள். அந்த மீதிக்கும் மேலான தொகைக்கு ஆர்டர் ஏற்கெனவே போய்விட்டிருந்தது. அந்தப் பதிவேட்டை எழுதியவர் கபிரியேல்.

ஐந்நூற்று இருபத்தெட்டுக்குக் கணக்கு வந்தது. மீதி முந்நூற்றுப் பன்னிரண்டு. செப்டம்பரில் நிலத்தடிக் குழாய் வரிசையின் கீழ்ப்பாதியைத் தோண்டி எடுத்து மறுபடியும் பதித்த செலவு.

ராதாகிருஷ்ணன் அந்தப் பக்கத்தைத் திருப்பினான். "குழாய் நாலு அங்குலம் தாழ்ந்து கிடக்கிறது. வாய் நீருக்கு அடியில் போய்விட்டது, தண்ணீர் வெளியேறவில்லை. மரக்கட்டை இறங்கிவிட்டது. அளவுப் பிசகு என்னுடையது."

அவன் பென்சிலைக் கீழே வைத்தான்.

அளவெடுத்தது அப்பா அல்ல. அவன். 1930 தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது, வாரியத்தின் மட்டக் கருவியை அவன்தான் கண்ணில் வைத்துப் பார்த்தான். உயரத்துக்கு ஆதாரமாக, சாலைப் பாலத்துக் கல்லிலிருந்து தொடங்கலாம் என்றார் அப்பா. அரை மைல் தூரம். வெயில். நான்கு மணி ரயிலைப் பிடிக்க வேண்டும்.

"எதுக்குப்பா அவ்வளவு தூரம்? இந்த மரக்கட்டை இரும்பு மாதிரி இருக்கு. இதுல ஆணி அடிச்சு உயரம் குறிச்சுக்குவோம்."

நிலத்தில் பதிந்திருந்த கட்டையை அப்பா காலால் தட்டிப் பார்த்தார். "படிச்ச புள்ள சொல்றே" என்று சிரித்தார். அளவுக் கட்டையைப் பிடித்துக்கொண்டிருந்த நாகையாவிடம், "ஆணி கொண்டா" என்றார்.

சதுப்பு நிலத்திலிருந்து நீர் வடிந்தால் மண் அமுங்கும். மண்ணோடு மரக்கட்டையும் இறங்கும். மேல்பாதிக் குழாய் பதித்து, நிலம் காயத் தொடங்கி, மார்ச்சில் கீழ்ப்பாதி பதிக்கும்போது ஆணி நாலு அங்குலம் இறங்கியிருந்தது. பழைய உயரத்தையே நம்பி அளந்தார்கள். அவன் எழுதிக் கொடுத்த உயரம்.

செப்டம்பருக்குப் பிறகு இரண்டு முறை ஊருக்குப் போயிருந்தான். அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. பொங்கல் கழித்து நெஞ்சில் சளி கட்டிப் படுத்தபோதும் சொல்லவில்லை.

வியாழனன்று அரை நாள் விடுப்பு எடுத்துக் கிள்ளானுக்குப் போனான். கபிரியேல் வரைவைப் படித்தார். இரண்டாம் பக்கத்தில் கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி, இது என்ன? 'உயரம் குறித்தது ஓவர்சியரின் மகன். வாரியத்தில் வேலை செய்பவரல்ல.' யாரு இதைக் கேட்டா? முந்நூத்திப் பன்னெண்டையும் அணை உடைஞ்ச கணக்குல சேர்த்துடு. தண்ணி வந்துச்சு, குழாய் கெட்டுப்போச்சு. முடிஞ்சது லா."

"அணை உடைஞ்சது தண்ணியால. குழாய் கெட்டது என்னால. ரெண்டும் வேற வேற இடம் சார். ஆடிட்டர் பிளான் வாங்கிப் பார்த்தா தெரிஞ்சிடும்."

"பார்க்க மாட்டாரு."

"பார்த்தா, மத்த ஐந்நூத்தி இருபத்தெட்டையும் நம்ப மாட்டாரு. அது அப்பாவோட நியாயமான செலவு."

கபிரியேல் மூன்றாம் பக்கத்தைத் திருப்பினார். அதில் இனிமேல் செய்யவேண்டியவை இருந்தன. ஆர்டர் போகும் நாளிலேயே தொகையைப் பதிவேட்டில் எழுதவேண்டும், பில் வரும்வரை காத்திருக்கக் கூடாது. ஒதுக்கீட்டில் முக்கால்வாசி தீர்ந்ததும் இன்ஜினியருக்குக் கடிதம் போகவேண்டும். வாயால் வரும் உத்தரவை அன்றே எழுதி ஒப்பம் வாங்கவேண்டும். உயரக் குறிகள் கான்கிரீட்டில், உறுதியான நிலத்தில் இருக்கவேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை இன்னொருவர் சரிபார்க்கவேண்டும்.

"முதல் வரி என்னைக் குத்துது" என்றார் கபிரியேல்.

"உங்க பேரு போடல சார்."

"பதிவேடு யாரு கையெழுத்துல இருக்குன்னு கண்ணு இருக்கிறவனுக்குத் தெரியும்." வரைவை மடித்துக் கையில் எடுத்தார். "உன் பேரையே போட்டுக்கிட்டே. நான் என்ன சொல்ல? டைப் அடிக்கச் சொல்றேன். ஆனா உங்கம்மா வீட்டுக்குக் காசு குறைஞ்சா என்கிட்ட வந்து நிக்காதே."

புது இன்ஜினியர் படித்துவிட்டு மறுபேச்சில்லாமல் கையெழுத்திட்டார். நாகையா, ஆகஸ்டு மூன்றாம் தேதி தான் கேட்டதைச் சொல்லிப் பெருவிரல் ரேகை வைத்தான். கூடவே, "ஓவர்சியரு நல்ல மனுசன்னு எழுதுங்க" என்றான். அதற்குப் படிவத்தில் இடமில்லை என்றார் கபிரியேல்.

பதில் வர ஐந்து வாரம் ஆனது. ஐந்நூற்று இருபத்தெட்டு வெள்ளிக்குப் பின்னேற்பு அனுமதி கொடுக்கலாம். வேலையை நிறுத்தியிருக்க முடியாது. குழாய் வேலையில் கூலிச் செலவும் ஏற்றுக்கொள்ளப்படும். ஓவர்சியருக்கு நிலையான உயரக் குறி எதையும் வாரியம் அமைத்துத் தரவில்லை. உடைந்து வீணான குழாய்களின் விலை எண்பத்து நான்கு வெள்ளியை மட்டும் கிராஜுவிட்டியில் பிடிக்கவேண்டும்; வெளியாளை அளவெடுக்க விட்டது ஒழுங்கல்ல. சொன்ன திருத்தங்கள் மே முதல் நடைமுறைக்கு வரவேண்டும்.

கடிதத்தோடு ராதாகிருஷ்ணன் அம்மாவிடம் போனான். அவள் சாமான்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னான், தீபாவளி, ரயில், மரக்கட்டை, டைரியில் இருந்த வரி.

"எனக்குத் தெரியும்" என்றாள் வீரம்மா. "குழாயைத் தோண்டுன அன்னிக்கு வந்து சொன்னாரு. பய வேலையில இருக்கான், அவன் காதுக்குப் போகக் கூடாதுன்னாரு."

அவன் கடிதத்தை மடித்தான்.

"எவ்வளவு பிடிச்சான்?"

"எண்பத்தி நாலு."

"வீட்டுக்கு எவ்வளவு குறையுது?"

"முப்பத்தி நாலு."

அவள் சாக்கின் வாயை இறுக்கி முடிச்சுப் போட்டாள். "வீட்டுக்குக் குறையற கணக்கை விடு. உன்னால போனது எண்பத்தி நாலு. அதைக் குடு."

"தரேம்மா."

"மாசாமாசம் தா. நீயே கொண்டு வந்து தா. மணியார்டர்ல வேணாம்."

அன்று மாலை நாகையாவை அழைத்துக்கொண்டு சாலைப் பாலத்துக்குப் போனான். மட்டக் கருவியைப் புது இன்ஜினியரிடம் எழுதிக் கேட்டு வாங்கியிருந்தான். பாலத்துக் கல்லிலிருந்து தொடங்கி அரை மைலும் படிப்படியாக அளந்துகொண்டு வந்தார்கள். நாகையா அளவுக் கட்டையைப் பிடித்தான். குழாயின் வாயில் கடைசி அளவை எடுத்து, அப்பாவின் டைரியில் செப்டம்பர் மாதத்துப் பக்கத்தோடு ஒப்பிட்டான். கால் அங்குலம்கூட வித்தியாசமில்லை. செப்டம்பரில் அவர் பாலத்திலிருந்தே நடந்திருக்கிறார்.

"தனியாவா அளந்தாரு?"

"நான் கட்டை பிடிச்சேன் தம்பி. ரெண்டு நாளாச்சு. எழுதி எழுதி அடிச்சுத் திருத்துனாரு." நாகையா குழாயின் வாயைப் பார்த்தான். தண்ணீர் விரல் பருமனுக்கு ஓடிக்கொண்டிருந்தது. "உன்னைக் கூப்பிடலாம்னு சொன்னேன். வேணாம், அவன் ரயிலைப் பிடிக்கணும்னாரு."

ராதாகிருஷ்ணன் குனிந்து ஒரு கை நீரை அள்ளினான். நுனிநாக்கால் தொட்டுப் பார்த்தான். உப்பு இல்லை. துப்பிவிட்டு, டைரியில் அந்தப் பக்கத்தின் கீழே அன்றைய தேதியையும் அளவையும் எழுதினான்.