சேர்ந்தே விழுந்த சாட்சிகள்

நாமக்கல் கோர்ட்டில் அரசு வழக்கறிஞரிடம் நான் ஜூனியராக இருந்தபோது வந்த வழக்கு அது. சேந்தமங்கலத்து அம்மா ஒருவரின் மகள், கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகாதவள், புருஷன் வீட்டுக் கிணற்றில் பிணமாகக் கிடந்தாள். புருஷன்தான் தள்ளினான் என்பது எங்கள் வழக்கு. தள்ளியதைப் பார்த்தவர் யாரும் இல்லை.

வாதத்தை ஒரு தாளில் வரைந்தேன். மேலே முடிவு. கீழே நான்கு கட்டங்கள். மதியம் இருவரும் கிணற்றுப் பக்கம் போனதைப் பக்கத்துத் தோட்டக்காரர் பார்த்தார். சாவும் மதியத்தை ஒட்டித்தான் நடந்திருக்கும் என்றார் டாக்டர். புருஷனின் கைகளில் நகக்கீறல் போன்ற காயங்கள். அன்று காலை தாய்க்குப் போன் செய்து, அவர் கொன்றுவிடுவார் போலிருக்கிறது என்று அவள் அழுதாள். நான்கிலிருந்தும் முடிவுக்குத் தனித்தனி அம்பு போட்டேன்.

விசாரணையில் தோட்டக்காரர் பல்டி அடித்தார். யாரையும் பார்க்கவில்லை என்றார்.

வராந்தாவில் அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "போர்வெல் வண்டிக்காரர் ஒருத்தரும் அவங்க போனதப் பாத்தாருங்க அம்மிணி. போலீஸ்ல எழுதிக்கல. அவரக் கூப்பிடலாமுங்களா?"

ஒன்று போனாலும் இன்னும் மூன்று இருக்கிறது, பயப்படாதீர்கள் என்றேன். சீனியரிடமும் அதையே சொன்னேன். அவரும் நம்பினார்.

இறுதி வாதத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் குரலை உயர்த்தவே இல்லை.

"டாக்டர் நேரத்தைச் சொன்னார். அந்த நேரத்தில் அங்கே யார் இருந்தார் என்று யார் சொன்னது?"

தாளைப் பார்த்தேன். தோட்டக்காரரும் டாக்டரும் இரண்டு அம்புகள் இல்லை. சேர்ந்து ஒரே அம்பு. அவளுடன் அவன் இருந்தான் என்பது ஒருவர் சொல். அப்போதுதான் அவள் செத்தாள் என்பது மற்றவர் சொல். இரண்டும் சேர்ந்தால்தான் அவன்மேல் விரல் நீளும். ஒன்றை எடுத்தால் மற்றது வெறும் கடிகாரம். போன் சங்கதி மட்டும் போயிருந்தால் வழக்கின் பலம் கொஞ்சம் குறைந்திருக்கும், மற்றவை அசைந்திருக்காது. எனக்கு மிஞ்சியிருந்தது மூன்றல்ல, இரண்டு. கீறலுக்கு, அவளைத் தூக்கக் கிணற்றில் இறங்கியபோது கல் கிழித்தது என்று அவன் ஏற்கெனவே காரணம் சொல்லியிருந்தான்.

போர்வெல்காரரை அன்றைக்கே தேடினோம். வண்டியோடு வடக்கே போயிருந்தார். போனில் கிடைத்தவர், எனக்கு ஒன்றும் தெரியாது, இனிக் கூப்பிடாதீர்கள் என்று வைத்துவிட்டார்.

கீறலும் போனும் சந்தேகத்தைத்தான் தருகின்றன என்று சொல்லி அவனை விடுதலை செய்தார்கள்.

வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாவிடம் போய், தப்பு என்னுடையது, நீங்கள் சொன்ன அன்றே அவரைக் கூப்பிட மனுப் போட்டிருக்க வேண்டும் என்றேன். அவர் திட்டவில்லை. 

"அப்ப எம்புள்ள தானா உழுந்தான்னு எழுதிருவாங்களா அம்மிணி?"

அப்படி எழுதமாட்டார்கள் என்றேன். எப்படிச் செத்தாள் என்றும் எழுதமாட்டார்கள் என்பதை அவரிடம் என்னால் சொல்ல முடியவில்லை. அப்பீல் சென்னை ஹைகோர்ட்டில் இருக்கிறது. வழக்குக் காகிதக் கட்டை நான்தான் தைத்து அனுப்பினேன்.