இருபத்திரண்டு அட்டைகளும் ஒரு தலையாட்டலும்

வியாகுலம்மாள் சிஸ்டர் தன்னைப் பற்றிப் பெருமைப்பட்டுக்கொண்டது இரண்டே விஷயங்களுக்குத்தான். ஒன்று, எவ்வளவு மெலிந்த நரம்பாக இருந்தாலும் ஒரே குத்தில் ட்ரிப்ஸ் ஊசியை ஏற்றிவிடுவாள். இன்னொன்று, அவள் செய்து வைத்திருந்த அட்டைகள். இரண்டும் கைகோத்துக்கொண்டு ஒரே நாளில் அவள் காலை வாரிவிட்டன.

பொன்மலையிலிருந்து பஸ் பிடித்துத் தில்லை நகர் ஆஸ்பத்திரிக்கு இருபத்தாறு வருஷமாக வந்து போகிறவள். புது டாக்டர்கள்கூட முதல் மாதம் அவளைக் கேட்டுத்தான் எதையும் செய்வார்கள். நாலு வருஷத்துக்கு முன் காது கேளாத ஒரு பெண் காய்ச்சலோடு வந்து, என்ன செய்கிறது என்று சொல்ல முடியாமல் தவித்துப்போனாள். அதைப் பார்த்தபின் வியாகுலம்மாள் தன் செலவில் அட்டைகள் தயார் செய்தாள். ‘வலிக்கிறதா?’, ‘சாப்பிட்டீர்களா?’, ‘சர்க்கரை நோய் உண்டா?’, ‘ஆபரேஷன் செய்யலாமா?’ என்று இருபத்திரண்டு. பெரிய எழுத்தில் எழுதி, லேமினேஷன் போட்டு, சாவி வளையத்தில் கோத்து, வெள்ளைக் கோட்டுப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டாள். நிர்வாகத்திலிருந்து பாராட்டிச் சால்வைகூடப் போர்த்தினார்கள். அந்த அட்டைகளில் ஒன்றுக்காவது தலையை ஆட்டுவதைத் தவிர வேறு பதில் சொல்ல இடமிருக்கிறதா என்று சால்வை போர்த்தியவர்களும் பார்க்கவில்லை, போர்த்திக்கொண்டவளும் பார்க்கவில்லை.

அன்று மதியம் இரண்டு மணிக்கு மூக்கனைக் கொண்டுவந்தார்கள். அரியமங்கலத்தில் ஒரு பட்டறையில், தகடு அழுத்தும் பிரஸ் மெஷினில் வேலை. நாற்பத்தொரு வயது, பிறவியிலேயே காது கேளாது, பேச்சும் கிடையாது. வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் மெஷினில் சிக்கி நசுங்கிவிட்டன. கையைச் சுற்றிக் கட்டியிருந்த துண்டு முழுக்க ரத்தம். கூட வந்தவர் பட்டறை சூப்பர்வைசர் ஜெபராஜ்.

“இவருக்கு நாம சொல்றது எல்லாம் புரியும் சிஸ்டர். பதினெட்டு வருஷமா பாக்குறேன், ஒருநாள் புரியலன்னு சொன்னதில்ல. எது சொன்னாலும் தலையாட்டுவாரு” என்றார் ஜெபராஜ். நல்ல மனிதர்தான். சட்டையெல்லாம் ரத்தமாகி நின்றார்.

“வீட்டுக்காரம்மாவுக்குச் சொல்லிட்டீங்களா?”

“அமிர்தம் ஸ்ரீரங்கத்துல தையல் யூனிட்டுல வேலை பாக்குது. அதுக்கும் காது கேக்காது. வாட்ஸாப்புல சொல்லிட்டேன்.”

மூக்கன் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து இடது கையை ஆட்டிக்கொண்டே இருந்தான். அவர்களைப் பார்த்து, வாசலைப் பார்த்து, இடது சுண்டு விரலைத் தாடையின் ஓரத்தில் தொட்டுத் தொட்டுக் காட்டினான். தாடையில் ஒரு துளி ரத்தம் தெறித்திருந்தது. வியாகுலம்மாள் பஞ்சை நனைத்து அதை இதமாகத் துடைத்துவிட்டாள். அவன் மறுபடி தொட்டான். அவள் மறுபடி துடைத்தாள்.

வலது கை காயம் என்பதால் ட்ரிப்ஸ் இடது கையில்தான். புறங்கையில் ஒரே குத்து, ஊசி உள்ளே. கையை ஆட்டுகிற ஆளென்றால் பலகை வைத்துக் கட்டுவது அவளுடைய இருபத்தாறு வருஷப் பழக்கம். கட்டினாள். அவன் இழுத்தான். இன்னும் ஒரு சுற்று இறுக்கிக் கட்டினாள். முழங்கைக்குக் கீழே முன்கையில் குத்தியிருந்தால் பலகையே தேவைப்பட்டிருக்காது, விரல்கள் சும்மா இருந்திருக்கும். அது அவளுக்குத் தெரியாததல்ல. அந்த நேரத்தில் தோன்றவில்லை, அவ்வளவுதான். ஒரு நிமிஷத்தில் மூக்கனுக்கு இரண்டு கையும் இல்லாமல் போயிற்று. பேசத் தெரிந்தவன் வாயில் துணியை அடைத்தது போலத்தான் அது. ஊசி ஒழுங்காக ஓடுகிறதே என்று அவள் திருப்திப்பட்டுக்கொண்டாள்.

எலும்பு டாக்டர் ரஞ்சித் வந்து கட்டைப் பிரித்துப் பார்த்தார். எக்ஸ்ரே பார்த்தார்.

“மோதிர விரலை ஒண்ணும் பண்ண முடியாது சிஸ்டர். சுண்டு விரல்ல ரத்தக்குழாய் நசுங்கியிருக்கு. மதுரைக்கு அனுப்பினா மைக்ரோ சர்ஜரில ரத்தக்குழாயை ஒட்ட வச்சுப் பாப்பாங்க. பிழைக்க பத்துக்கு மூணு சான்ஸ். பல ஆபரேஷன் ஆகும், மாசக்கணக்குல வேலைக்குப் போக முடியாது. இல்லன்னா ரெண்டையும் இங்கேயே எடுத்துடலாம், சீக்கிரம் ஆறிடும். பெரும்பாலும் இதைத்தான் கேப்பாங்க. அனுப்புறதுன்னா இப்பவே அனுப்பணும். அவரைக் கேளுங்க.”

இதை எந்த அட்டையில் கேட்பது? இருபத்திரண்டில் ‘மதுரை’ இல்லை, ‘பத்துக்கு மூன்று’ இல்லை. வியாகுலம்மாள் சைகை மொழிபெயர்ப்பாளர் பானுப்ரியாவுக்குப் போன் போட்டாள். காது கேளாதோர் பள்ளி டீச்சர். ஆஸ்பத்திரிப் பட்டியலில் இருந்தது அந்த ஒரே நம்பர்தான். எடுக்கவில்லை. மூன்று தடவை அடித்தும் எடுக்கவில்லை. பெரம்பலூர் கோர்ட்டில் ஒரு சாட்சிக்கு மொழிபெயர்க்கப் போயிருக்கிறார் என்று பள்ளியில் சொன்னார்கள். உள்ளே போனால் போனை எடுக்க மாட்டாராம்.

ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவளே எழுதினாள். ‘விரலை இங்கேயே எடுத்துவிடலாமா? அல்லது மதுரைக்குப் போகிறீர்களா?’ முகக்கவசத்தோடு குனிந்து, தாளை அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். மூக்கன் தாளைப் பார்த்தான், டாக்டரைப் பார்த்தான், ஜெபராஜைப் பார்த்தான். தலையாட்டினான்.

“எதுக்குத் தலையாட்டுறாரு?” என்றார் டாக்டர்.

வியாகுலம்மாள் வளையத்திலிருந்து ‘ஆபரேஷன் செய்யலாமா?’ அட்டையைக் காட்டினாள். தலையாட்டினான். அவளுக்குள் என்னவோ உறுத்தியது. ‘சர்க்கரை நோய் உண்டா?’ காட்டினாள். தலையாட்டினான். ‘முன்பு ஆபரேஷன் ஆகியிருக்கிறதா?’ அதற்கும் ஆட்டினான். சர்க்கரை அளவைச் சற்று முன்புதான் பார்த்திருந்தார்கள், நூற்றெட்டு. உடம்பில் எங்கும் தையல் தழும்பு கிடையாது.

அவள் வளையத்தைக் கீழே இறக்கினாள். “டாக்டர், இவரு எல்லாத்துக்கும் தலையாட்டுறாரு. டீச்சர் வர்ற வரைக்கும் கொஞ்சம் பொறுக்கலாமா?”

“எப்ப வருவாங்க?”

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். அவரையும் குற்றம் சொல்வதற்கில்லை, காத்திருந்தால் மதுரைக்குப் போயும் பயனில்லை, இங்கேயும் சீழ் வைக்கும். “அட்டை காட்டினோம், ஒத்துக்கிட்டாரு. கூட வந்தவரும் இருக்காரு” என்றார். படிவத்தில் ஜெபராஜ் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். பலகையோடு கட்டியிருந்த கையில் கட்டைவிரல் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதில் மை தடவி ரேகை எடுத்தார்கள். இன்னும் ஒரு வார்த்தை அழுத்திச் சொல்லியிருக்கலாம். வியாகுலம்மாள் சொல்லவில்லை. தன் அட்டையைத் தானே பொய் என்று எப்படிச் சொல்வது?

கையை மட்டும் மரத்துப்போக வைத்துத்தான் ஆபரேஷன். கை அவனுக்குத் தெரியாதபடி நடுவில் பச்சைத் துணி கட்டியிருந்தார்கள். மூக்கன் விழித்துக்கொண்டு, விட்டத்து விளக்கைப் பார்த்துப் படுத்திருந்தான். வெளியே வராந்தாவில் ஜெபராஜ் போனை நீட்டினார். “அமிர்தம் இன்னும் பாக்கவே இல்ல போலிருக்கு சிஸ்டர்.” வாங்கிப் பார்த்தாள். அவர் அமிர்தத்துக்கு அனுப்பியிருந்தது ஒரு நிமிஷ வாய்ஸ் மெசேஜ். வியாகுலம்மாளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தானே எழுத்தில் ஒரு வரி தட்டி அனுப்பினாள்.

பானுப்ரியா ஆறு மணிக்கு மூச்சிரைக்க வந்தாள். மூக்கனை வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். வலது கை பெரிய கட்டுக்குள் தலையணைமேல் மரத்துக் கிடந்தது. பானுப்ரியா முதலில் பார்த்தது இடது கையை.

“இதை ஏன் கட்டியிருக்கீங்க? அவிழ்த்து விடுங்க சிஸ்டர்.”

வியாகுலம்மாள் பலகையை அவிழ்த்தாள். அந்தக் கை ஒரு கணம் அப்படியே கிடந்தது. பிறகு எழுந்து பேச ஆரம்பித்தது. பானுப்ரியா பார்த்துக்கொண்டே சொன்னாள். “‘மருந்து வச்சுக் கட்டியாச்சா, எத்தனை நாள்ல விரலை மடக்க முடியும்?’ன்னு கேக்குறாரு.”

வியாகுலம்மாள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“அவரு ஒத்துக்கிட்டாரே டீச்சர். தலையாட்டினாரே.”

பானுப்ரியா அதைக் கேட்டுப் பதில் வாங்கிச் சொன்னாள். “‘தாள்ல ரெண்டு மூணு வார்த்தைதான் தெரிஞ்சுது. தையல் போடத்தான் கேக்குறீங்கன்னு நெனச்சேன். தலையாட்டலேன்னா எல்லாருக்கும் கோவம் வரும், ஸ்கூல்லேருந்தே அப்படித்தான்’ங்கிறாரு.”

“தாடையைத் தொட்டுத் தொட்டுக் காட்டினாரு. ரத்தம்னு துடைச்சுவிட்டேன்.”

“அது அவங்க வீட்டுக்காரம்மா பேரு சிஸ்டர். அமிர்தத்துக்கு அங்க ஒரு மச்சம் இருக்கு. வலது சுண்டு விரலால தொட்டா அமிர்தம், இன்னிக்குக் காயம்னு இடது கையில காட்டியிருக்காரு. ‘அவளைக் கூப்பிடுங்க’ன்னு கேட்டிருப்பாரு.”

வியாகுலம்மாள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். “விரலை எடுத்ததை நீங்களே சொல்லிடுங்க டீச்சர். என்னால முடியல.”

“நான் சொல்லக் கூடாது சிஸ்டர். நீங்க சொல்றதை நான் கையில காட்டுவேன், அவ்வளவுதான். டாக்டர் எங்க?”

டாக்டர் அடுத்த ஆபரேஷனில் இருந்தார். மூக்கன் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். இனி அவனைக் காக்க வைக்க முடியாது.

“என்னைப் பாக்காதீங்க. கவசத்தைக் கழட்டிட்டு, அவரைப் பார்த்துப் பேசுங்க. சின்னச் சின்னதா சொல்லுங்க. முடிஞ்சதும் ‘புரிஞ்சுதா’ன்னு கேக்காதீங்க, அதுக்கும் ஆட்டுவாரு. நீங்க சொன்னதைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்க.”

நாலு வருஷத்துக்கு முன் இதை யாராவது சொல்லியிருந்தால் என்ன என்று வியாகுலம்மாளுக்கு ஆத்திரமாக வந்தது. யாரிடம் கேட்டாள், சொல்ல? அவன் கண்ணைப் பார்த்துச் சொன்னாள்.

“ரெண்டு விரலைக் காப்பாத்த முடியல. மோதிர விரல், சுண்டு விரல். ரெண்டையும் எடுத்துட்டோம். சுண்டு விரலுக்கு மதுரைல ஒரு வாய்ப்பு இருந்துச்சு. அதை உங்களுக்குப் புரியுற மாதிரி நாங்க கேக்கல. தப்பு எங்க மேல.” பிறகு டீச்சர் சொன்னபடி கேட்டாள். “நான் என்ன சொன்னேன்னு திருப்பிக் காட்டுங்க.”

மூக்கன் பானுப்ரியாவின் கைகள் நிற்கும்வரை பார்த்தான். இந்த முறை தலையாட்டவில்லை. இடது கையைத் தூக்கி, மோதிர விரலை மடக்கினான். சுண்டு விரலையும் மடக்கினான். மிச்சம் நின்ற மூன்று விரலை வியாகுலம்மாளிடம் காட்டினான்.

அப்போதுதான் அமிர்தம் வார்டு வாசலில் வந்து நின்றாள். கழுத்தில் தையல் டேப் தொங்கிக்கொண்டிருந்தது. மூக்கன் அவளைப் பார்த்ததும், மடக்கியிருந்த அந்தக் கையை அப்படியே தாடைக்குக் கொண்டுபோனான். தாடை ஓரத்தில் மடங்கிய கணுதான் பட்டது. மடக்கிய சுண்டு விரலை அவன் நீட்டவில்லை.

அமிர்தம் தலையணைமேல் கிடந்த கட்டைப் பார்த்தாள். தாடையில் நின்ற கையைப் பார்த்தாள். பிறகு வியாகுலம்மாளிடம் திரும்பி, தன் சுண்டு விரலால் தன் மச்சத்தைத் தொட்டுவிட்டு, உள்ளங்கையை விரித்து நீட்டினாள்.

“‘என் பேரு எங்க?’ன்னு கேக்குறாங்க சிஸ்டர்” என்றாள் பானுப்ரியா.

அவள் கேட்டது பானுப்ரியாவை அல்ல. வியாகுலம்மாள் அமிர்தத்தின் முகத்தைப் பார்த்தபடி நின்றாள்.