விளக்கைச் சுற்றிய வளையம்

என் கணவர் அதைப் பயம் என்றார். அந்தச் சொல்லை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உள்ளுக்குள் எரியும்.

புதுக்கோட்டையில் அலுவலக வேலை, ஆலங்குடியில் வீடு. காரை நான்தான் ஓட்டுவேன். ஐம்பதைத் தொட்ட பிறகு, இருட்டிவிட்டால் எதிரே வரும் வண்டியின் விளக்கு சும்மா வருவதில்லை. சுற்றிலும் ஒரு வளையம், அதிலிருந்து முள்முள்ளாகக் கோடுகள். வண்டி கடந்து போன பிறகும் சாலை சற்று நேரம் தெரியாது. எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்து, ஹைபீம் போட்டு வருகிறவர்களைத் திட்டிக்கொண்டே ஓட்டினேன்.

வீட்டில் சொன்னேன். வெளிநாட்டில் பல வருடம் லாரி ஓட்டிவிட்டு வந்தவர் என் கணவர். பொம்பளைகள் ராத்திரி வண்டி எடுத்தால் அப்படித்தான் என்று சிரித்தார். கொழுந்தனாரும் சேர்ந்து சிரித்தார். கண்ணாடிக் கடையில் போய்ச் சொன்னபோது, கடைக்காரர் கம்ப்யூட்டரில் கண்ணைப் பார்த்து ஒரு கண்ணாடி போட்டுக் கொடுத்தார். அதற்கும் சரியாகவில்லை என்று போனதும், அதன் மேலேயே மாட்டிக்கொள்ள மஞ்சள் கண்ணாடி ஒன்றை நீட்டி, ராத்திரி டிரைவிங்குக்கென்றே வந்தது என்றார். அதை மாட்டினால் கூசுவது கொஞ்சம் குறைந்தது போலிருந்தது. சாலையோர இருட்டு இன்னும் கறுத்தது.

மழைக்காலத்தில் ஒருநாள் பொழுது சாய்ந்து திரும்பிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் என் கணவர். எதிரே ஒரு பஸ். அந்த வெளிச்சத்துக்குள், சைக்கிளில் கடலைக்கொடிக் கட்டு வைத்துத் தள்ளிக்கொண்டு போன ஆள் எனக்குத் தெரியவே இல்லை. கணவர் கத்திய பிறகுதான் பிரேக்கை மிதித்தேன். சைக்கிள்காரர் கட்டோடு பள்ளத்தில் இறங்கி நின்றார். அடிபடவில்லை. வண்டியை ஓரம் கட்டினேன்.

"பஸ் லைட்டைச் சுத்தி வட்டமும் கோடுமா இருந்துச்சே, ஒங்களுக்கும் அப்படித்தானே தெரிஞ்சுது?" என்றேன்.

"எனக்கு லைட்டு லைட்டாத்தான் தெரிஞ்சுது. ஒனக்குத்தான் பயம்."

அவருக்கு வளையம் தெரியவில்லை என்றால் கோளாறு என் கண்ணில். இது அவருக்குத் தோன்றவில்லை. மறுநாளே லீவு போட்டு, பஸ்ஸில் ஏறிக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அங்கே பரிசோதித்த பெண் முதலில் என் கண்ணாடியையே வாங்கி விளக்குக்கு நேரே சாய்த்துப் பார்த்தார். மேல்பூச்சு மெல்லிய கீறலாக வெடித்திருந்தது. வெயிலில் காருக்குள் போட்டு வைத்ததும், முந்தானையில் துடைத்ததும்தான் காரணமாக இருக்கும். இதுவே வெளிச்சத்தைச் சிதறடிக்கும் என்றார். காரின் முன்கண்ணாடியை உள்பக்கமும் துடைக்கிறீர்களா என்று கேட்டார். நான் துடைத்ததில்லை. பிறகு என் கண்ணாடியை ஒரு கருவியில் வைத்து அளந்தார். வெளிச்சம் கோடு கோடாக இழுபடுவதைச் சரிசெய்யும் சிலிண்டர் பவர் அதில் இல்லவே இல்லை. என் கண்களுக்கு அது தேவைப்பட்டது. சோதனைக் கண்ணாடியில் அந்த வில்லையைச் செருகியதும், இருட்டறையில் சின்ன விளக்கின் முட்கள் சுருங்கிப் போயின.

வலது கண்ணில் மட்டும் ஒரு மங்கல் வளையம் மிச்சமிருந்தது. கண்ணின் அழுத்தம் பார்த்தார்கள்; சரியாக இருந்தது. சொட்டு மருந்து விட்டு, கண்பாப்பா விரிந்த பிறகு டாக்டர் பார்த்தார்.

"ஆரம்பக் கண்புரைங்கம்மா. இப்ப ஆபரேஷன் வேண்டாம், வருஷா வருஷம் வந்து காட்டுங்க. ராத்திரியில பாப்பா பெருசாகும், பகல்ல தெரியாத குறையெல்லாம் அப்பத்தான் தெரியும். நீங்க பயப்பட்டதுல வந்ததில்ல இது."

பயத்தைப் பற்றி நான்தான் அவரிடம் சொல்லியிருந்தேன். மருந்தில் கண் கூச, ஆஸ்பத்திரி வாசலில் பஸ்ஸுக்கு நின்றபோது, எனக்கு வந்தது அழுகையா கோபமா என்று தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து அந்தக் கண்ணாடிக் கடைக்குப் போனேன். சிலிண்டர் எங்கே என்று கேட்டேன்.

"சின்ன பவர்தான்க்கா. ஆர்டர் போட்டா லேட்டாகும், அது இல்லாமலும் பாக்கலாம்னு விட்டுட்டோம்."

"நான் பாக்கலாம். ரோட்டுல சைக்கிள் தள்ளிக்கிட்டுப் போறவர் சாகலாமா?"

கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கடைக்காரர் புதிதாகப் போட்டுத் தருகிறேன் என்றார். உங்களிடம் வேண்டாம் என்று மஞ்சள் கண்ணாடியை மேசையில் போட்டுவிட்டு வந்தேன்.

வேறு இடத்தில் போட்ட கண்ணாடியில் கோடுகள் அநேகமாகப் போய்விட்டன. வலது கண்ணின் வளையம் இருக்கிறது. மழை பெய்யும் இரவுகளில் நான் வண்டி எடுப்பதில்லை, பஸ்ஸில் வந்துவிடுகிறேன். டாக்டர் சொன்னதைக் கணவரிடம் ஒன்று விடாமல் சொன்னேன். கேட்டுவிட்டு, "இத முன்னாடியே காட்டியிருக்கலாம்ல" என்றார்.

அன்று ராத்திரி அவருக்கு நான் சோறு போடவில்லை.