நாற்பத்தெட்டு விநாடி

இருபத்திரண்டு வருஷம் தீ எச்சரிக்கைக் கருவி வேலையில் இருந்தவர் அவர். மற்றவர்கள் கூரையில் வட்டமாக ஒட்டும் சாதாரண டிடெக்டர்களை மாட்டிவிட்டுப் போவார்கள். இவருக்குக் கொடுத்தது காற்றை உறிஞ்சும் கருவி. மேலே ஒரு குழாய் ஓடும். குழாயில் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். ஒரு பெட்டிக்குள் இருக்கிற விசிறி அந்தத் துளைகள் வழியாக அறையின் காற்றை ஓயாமல் இழுத்து, வடிகட்டி, லேசர் ஒளிக்கு முன்னால் கொண்டுவந்து காட்டும். கண்ணுக்குத் தெரியாத புகையையும் அது கண்டுபிடித்துவிடும்.

ஊரின் பழைய நூலகத்தில் நூற்றாண்டு வயதான வரைபட அறை ஒன்று உண்டு. அதன் கூரை முழுக்க மரச் செதுக்குவேலை. அங்கே டிடெக்டர் ஒட்டினால் அசிங்கமாக இருக்கும் என்பதால், கூரைக்கு மேல் பரணில் குழாயை ஓடவிட்டு, அதிலிருந்து எட்டு மெல்லிய குழல்களைக் கீழே இறக்கி, மரத்தில் செதுக்கிய பூக்களின் நடுவே துளை போட்டார். கீழே நிற்பவர்களுக்குப் பூ மட்டும்தான் தெரியும். கருவியிலிருந்து தூரம் போகப் போகத் துளை கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்துத் துளைகளே காற்றையெல்லாம் இழுத்துக்கொள்ளும். எட்டுக்கும் தனித்தனியாகக் கணக்குப் பார்த்துத் துளைத்தார். கடைசிப் பூவில் புகையைக் காட்டினால் நாற்பத்தெட்டாவது விநாடியில் கருவி விழித்தது. விதிப்படி நூற்றிருபது விநாடி வரை போகலாம். நாற்பத்தெட்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட நாளில் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

உணர்திறன் விஷயத்தில் அவர் பிடித்ததே பிடி. தரைக்கு மெருகு தேய்க்கிற நாட்களில் எழும் தூசியில் முதல் எச்சரிக்கை விளக்கு எரிந்து தொலைக்கும். நூலகர் அம்மா கெஞ்சிப் பார்த்தார்.

"கொஞ்சம் மந்தமாத்தான் வைங்களேன் சார். ஆளுங்க பயந்து ஓடுறாங்க."

"அம்மா, ஒரு மீட்டர்ல வெளிச்சம் நூத்துல புள்ளி பூஜ்யம் அஞ்சு குறைஞ்சாலே இது கத்தணும். அதுக்குத்தான வாங்கிருக்கீங்க? மெருகு போடுற அன்னிக்கு மட்டும் சொல்லுங்க, நான் தற்காலிகமா மாத்தித் தரேன்" என்று முகத்துக்கு நேரே மறுத்துவிட்டார். எண்ணில் கைவைக்காத ஆள் என்று நிறுவனத்தில் அவருக்குப் பெயர்.

அந்தப் பெயரோடு இன்னொரு பெயரும் அவருக்குச் சேர்ந்தது. பரணுக்கு ஏறும் வழி ஒரு சதுரப் பொந்து. முதல் வருஷம் லகுவாக நுழைந்தவர், நாலாம் வருஷம் இடுப்பில் மாட்டிக்கொண்டார். புட்டிக் கழுத்தில் இறுகிய கார்க் மாதிரி, மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. இரண்டு காவலாளிகள் காலைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள். சட்டைப் பொத்தான்கள் தெறித்தன. வாசிக்க வந்தவர்கள்கூட எழுந்து வந்து வேடிக்கை பார்த்தார்கள். அன்றிலிருந்து அவர் வாசலில் வண்டியை நிறுத்தினாலே காவலாளிகள் ஒருவரையொருவர் பார்த்துச் சொல்வார்கள்: "கார்க் சார் வந்துட்டாரு."

அவரும் கூடவே சிரிப்பார். வீட்டுக்கு வந்தால் சாப்பாடு இறங்காது.

அடுத்த வருஷம் கூரைக்கு வார்னிஷ் அடித்தார்கள். துளைகளுக்குள் வார்னிஷ் போய்விடக்கூடாது என்று ஒவ்வொரு பூவின் மேலும் காகித டேப் ஒட்டச் சொன்னது அவர்தான். வேலை முடிந்ததும் உரித்துவிட வேண்டும் என்றும் சொன்னார். ஒரு வாரம் கழித்து நூலகத்திலிருந்து போன் வந்தது: கருவியில் மஞ்சள் விளக்கு, காற்றோட்டம் குறைவு.

போய்ப் பார்த்தார். நூறு காட்ட வேண்டிய இடத்தில் ஐம்பத்தைந்து. எண்பதுக்குக் கீழே போனாலே கருவி முறையிடும். துளைகள் அடைத்திருக்கின்றன என்று பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். கீழிருந்து சோதிக்கலாம் என்றால் கூரை இருபதடி உயரம். சாரம் கட்ட வேண்டும். இல்லையென்றால் பரணுக்கு ஏறி ஒவ்வொரு குழலாகப் பார்க்க வேண்டும்.

பொந்துக்குக் கீழே ஏணியை வைத்துக்கொண்டு ஒரு காவலாளி தயாராக நின்றார். இன்னொருவர் வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.

அவர் ஏணியைப் பார்த்தார். பிறகு கருவியின் முன்னால் உட்கார்ந்து மடிக்கணினியை இணைத்து, இப்போது ஓடும் காற்றே சரியான அளவு என்று கருவிக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுத்தார். ஐம்பத்தைந்து நூறாயிற்று. விளக்கு பச்சையாயிற்று. சோதனைத் தாளில் 'கடைசித் துளை, புகைச் சோதனை' என்ற கட்டத்துக்கு வந்தபோது பேனா கொஞ்சம் தயங்கியது. போன வருஷத் தாளைப் பார்த்து 48 என்று எழுதினார். வார்னிஷ் வேலைக்காகத் தற்காலிகமாகக் குறைத்திருந்த உணர்திறன் எண்களை மட்டும் முன்பு இருந்தபடியே அச்சுப் பிசகாமல் திரும்ப வைத்தார். அந்த நேர்மையை நினைத்து மனத்தை ஆற்றிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

பத்து மாதம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல், வரைபட அறையின் கோடி மூலையில் ஒரு டியூப் லைட்டின் சோக் கருக ஆரம்பித்தது.

மறுநாள் நூலகர் அம்மா அவரைக் கூப்பிட்டனுப்பினார். திட்டத்தான் என்று பயந்து போனவரை நாற்காலியில் உட்காரவைத்து, நாலு பேர் முன்னிலையில் பாராட்டுக் கடிதம் கொடுத்தார்.

"உங்க மெஷின் மட்டும் கத்தலைன்னா அறையே போயிருக்கும் சார். ரெண்டு வரைபட அலமாரியோட போச்சு. அந்தத் துடைக்கிற அம்மா ஈரத் துணியால லைட்டைத் துடைச்சிருக்கு. அதான் ஷார்ட் ஆயிடுச்சு. சுவிட்சுல கையை வெச்சுக்கிட்டு நின்னுச்சு. வேலையை விட்டு நிறுத்திட்டோம்."

கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு தாழ்வாரத்துக்கு வந்தார். துப்புரவு அக்கா சாவிக்கொத்தை ஒப்படைத்துவிட்டு வந்துகொண்டிருந்தார். வலது கையில் பெரிய கட்டு.

"கையில என்னக்கா?"

"மெயினை இழுத்து அணைச்சேன் சார். கம்பி கொதிச்சுக் கிடந்துச்சு, ரெண்டு விரல் வெந்துபோச்சு." அக்கா நின்றார். "பதினொன்னு பத்துக்கே சொன்னேன், ரப்பர் கருகுற வாடை வருதுன்னு. மெஷின் பச்சையாத்தான் இருக்கு, நீ போய் வேலையைப் பாருன்னாங்க. மூணு தடவை சொன்னேன். மெஷினுக்கே தெரியாததா உனக்குத் தெரியும்னு கேட்டாங்க. கடைசியில நானே போயி அணைச்சேன். இப்ப நான்தான் பத்த வெச்சேனாம்."

அவர் நேராகக் கருவியிடம் போனார். கருவியின் பதிவைத் திறந்து பார்த்தார். முதல் எச்சரிக்கை: பதினொன்று முப்பத்து நான்கு. இருபத்து நாலு நிமிஷம். கதவோரம் அடைபடாமலிருந்த துளைகள் வரைக்கும் புகை அறை முழுக்கப் பரவி வந்து சேர்ந்த பிறகுதான் கருவிக்கு விஷயம் தெரிந்திருக்கிறது.

மின்பணிக்காரர்கள் கட்டியிருந்த சாரம் அறையில் அப்படியே நின்றது. அவர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். அவர் மேலே ஏறினார். கடைசிப் பூவில் புகைக் குச்சியைப் பிடித்து, கைபேசியில் விநாடியை ஓடவிட்டார். நாற்பத்தெட்டு வந்தது, போனது. நூற்றிருபது. ஐந்து நிமிஷம். கருவி வாயைத் திறக்கவில்லை. பூவின் நடுவை நகத்தால் சுரண்டினார். மரத்தின் நிறத்திலேயே வார்னிஷ் குடித்துப் போயிருந்த காகித டேப் உரிந்து வந்தது. மறுபடியும் குச்சியைக் காட்டினார். ஐம்பத்தோராவது விநாடியில் கருவி கூவியது.

சாரத்தை நகர்த்தி நகர்த்தி மற்றப் பூக்களையும் பார்த்தார். எட்டில் ஐந்து டேப் உரிக்கப்படவே இல்லை. ஐந்தையும் எடுத்து, யாரும் வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதுவரை செய்ததை அவசரம், சோம்பல், முட்டாள்தனம் என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். இதற்கு அப்படி ஒரு பெயர் கிடைக்கவில்லை.

வீட்டில் மனைவி தட்டைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். இவர் ஐந்து துண்டு டேப்பையும் மேஜைமேல் வைத்து எல்லாவற்றையும் சொன்னார். பாராட்டுக் கடிதத்தையும் காட்டினார்.

மனைவி டேப் துண்டுகளை ஒன்றாகக் குவித்தார். பிறகு மெதுவாக, "இப்பதான் எல்லாம் சரி பண்ணிட்டீங்கள்ல? யாருக்குத் தெரியப்போகுது? விட்டுடுங்க. நமக்கும் பொண்ணு இருக்கு" என்றார்.

அவர் எதிர்பார்த்தது திட்டு. தன் மனத்துக்குள் மத்தியானத்திலிருந்து ஓடிக்கொண்டிருந்த அதே வார்த்தைகளை இன்னொருவர் வாயால் கேட்டபோது கூசிப்போனார். மனைவிமேல் கோபம் வரவில்லை. அவள் பயத்தில் சொல்கிறாள். பயத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தது அவர்.

"அந்தம்மா கையில கட்டு போட்டுக்கிட்டுச் சாவியைக் குடுத்துட்டுப் போனாங்க" என்றார். மனைவி தலையைக் குனிந்துகொண்டார். டேப்பை அவர் பக்கம் நகர்த்திவைத்து, "அப்ப காலையில சீக்கிரமே போயிடுங்க" என்றார்.

காலையில் நூலகர் அம்மாவின் மேஜைமேல் கடிதத்தையும் டேப்பையும் வைத்தார். சோதனைத் தாளைக் காட்டி, "இந்த நாப்பத்தெட்டு நான் பார்க்காம எழுதுனது" என்றார். பதிவின் நேரத்தையும் காட்டினார். "புகையை முதல்ல கண்டுபிடிச்சது அந்தக்கா. மெஷின் இல்ல." நூலகர் அம்மா கத்தவில்லை. தாளை இரண்டு தடவை படித்துவிட்டு, "நான்தான் அவங்களைப் போய் வேலையைப் பாருன்னேன்" என்றார். அதற்கு மேல் இருவராலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியவில்லை.

ஒரு வாரத்தில் துப்புரவு அக்காவைத் திரும்ப வேலைக்கு எடுத்தார்கள். மருத்துவச் செலவையும் நூலகமே ஏற்றது. நிறுவனம் அவருடைய கையெழுத்து அதிகாரத்தை ஒரு வருஷத்துக்குப் பிடுங்கி, குழாய் வரைபடம் போடுகிற மேஜையில் உட்காரவைத்தது. நூலகம் இனி வேறு ஆளை அனுப்பச் சொல்லிவிட்டது.

அக்கா வேலைக்குத் திரும்பிய அன்று அவர் தாழ்வாரத்தில் காத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, மன்னிச்சிடுங்க."

"அன்னிக்கு நீங்க ஏன் சார் மேல ஏறல?"

முழங்கால் வலி என்று சொல்லியிருக்கலாம். நேரமில்லை என்று சொல்லியிருக்கலாம். "மாட்டிக்கிட்டா சிரிப்பாங்கன்னு" என்றார்.

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார். சிரிப்பு வரவில்லை, கோபமும் வரவில்லை. "அதுக்கா?" என்று மட்டும் கேட்டார். பிறகு வாளியை இடது கையால் தூக்கிக்கொண்டு போனார்.

ஒரு வருஷம் கழித்து அவருக்குக் கையெழுத்து திரும்பக் கிடைத்தது. இப்போதும் வேலைக்குப் போகிறார். ஏற முடியாத இடம் என்றால், "என்னால இதுல நுழைய முடியாது, வேற ஆளை அனுப்புங்க" என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிடுகிறார். சிரிக்கிறவர்கள் சிரிக்கிறார்கள். அக்காவின் ஒரு விரல் முழுசாக மடங்குவதில்லை என்று யாரோ சொல்லிக் கேள்விப்பட்டார். எந்த விரல் என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை.