பயப்பட ஒன்றுமில்லை

போர்வெல் போடும் ரிக் வண்டிகளுக்கான எங்கள் உதிரிபாகக் கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கும் பெண், பிரசவ விடுப்பு முடிந்து திங்கட்கிழமை வேலைக்குத் திரும்ப இருந்தார். மேனேஜரான நான், அதற்கு முன் ஒருநாள் அவரைச் சும்மா பேச அழைத்து வாட்ஸப்பில் எழுதினேன். படித்தவன் அல்லவா, ஆறு முறை திருத்தினேன். ஒவ்வொரு திருத்தத்திலும் மென்மை கூடியதில், ‘பயப்பட ஒன்றுமில்லை’ என்பது மூன்று இடங்களில் வந்துவிட்டது.

சனிக்கிழமை அவரோடு ஒரு கார் நிறைய ஸ்டோர்ஸுக்கே வந்தார்கள். கணவர், மாமியார், தாய்மாமன், கைக்குழந்தை.

“ஏனுங்க, புள்ளைய வேலையவுட்டு நிறுத்தறதுன்னா நேராச் சொல்லிப்போடுங்க” என்றார் தாய்மாமன்.

“சும்மா பேசத்தானுங்க.”

“சும்மா பேசறதுக்கு எதுக்குங்க மூணு வாட்டி பயப்படாதீங்கங்கறீங்க?”

பேச வேண்டியதை எழுதி வைத்திருந்த குறிப்புத்தாளை அந்தப் பெண்ணிடமே நீட்டினேன். ஸ்டோர்ஸில் என்னென்ன மாறியிருக்கிறது, முதல் இரண்டு வாரம் அரைநாள் வந்தால் போதுமா, குழந்தைக்குப் பால் கொடுக்க எந்த அறை வசதி. அவ்வளவுதான். படித்ததும் அவர் முகம் தெளிந்தது.

“அரைநாளே வாரனுங்க சார். ஆனா என்ற சேர்ல உக்காந்து, ஸ்டோர்ஸ இப்படி அலங்கோலமாக்கி வெச்சிருக்கறவர மொதல்ல எழுப்பி உடுங்க.”

ஆறு மாதமாக அதில் உட்கார்ந்திருந்தவன் நான்தான். அப்போதும் அதில்தான் இருந்தேன்.

“பயப்பட ஒண்ணுமில்லீங்க” என்றார் மாமியார். எழுந்துகொண்டேன்.