வெள்ளை எழுத்தில் ஒளிந்த திறமைகள்

ராஜபாளையத்தில் மருத்துவக் கட்டுத்துணி செய்கிற ஓர் ஆலையில் ஆள் எடுக்கும் வேலை எனக்கு. தரப் பரிசோதனைக்கு ஒரு சூப்பர்வைசர் வேண்டுமென்று விளம்பரம் கொடுத்தோம். முதலாளி வீட்டு நூற்பாலையின் பழைய விளம்பரத்தைப் பார்த்து அடித்ததில் ‘ரிங் பிரேம் பராமரிப்பு’ என்ற வரியும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. ரிங் பிரேம் நூல் நூற்கிற மிஷின். நாங்கள் நூலை விலைக்கு வாங்கி நெய்து, வெளுத்து, மடித்து, பாக்கெட் போடுகிறவர்கள். எங்களிடம் ரிங் பிரேம் ஒன்றுகூடக் கிடையாது.

வந்த ரெஸ்யூமேக்களில் பாதிக்கு மேல் ரிங் பிரேமில் கரை கண்டவர்களுடையவை. பேண்டேஜ் மடிப்பதைத் தவிர வேறு வேலை பார்க்காதவர்களுக்கும் அந்தத் திறமை இருந்தது. விளம்பரத்தை அப்படியே கம்ப்யூட்டரில் கொடுத்து, ‘இதற்கு ஏற்ற மாதிரி எழுது’ என்று வாங்கியிருக்கிறார்கள். எல்லா வரியும் வீர வசனத்தில் ஆரம்பித்து ஒரு சதவீதத்தில் முடிந்தது. ‘குழுவை முன்னின்று வழிநடத்திக் கழிவை முப்பது சதவீதம் குறைத்தேன்.’ எதிலிருந்து எதற்குக் குறைந்தது, எந்த மிஷினில், யார் அளந்தார்கள் என்று ஒரு சொல்லும் இருக்காது. படிக்கப் படிக்க எரிச்சல்தான் வந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பிரவுசிங் சென்டரில் எடுத்த ரெஸ்யூமேயும் அதே ரகம்தான். ஆனால் சதவீதங்களுக்கு நடுவே, ‘காஸ் மூழ்கும் நேரம் பார்ப்பேன்’ என்று மொட்டையாக ஒரு வரி கிடந்தது. காஸ் என்பது புண்ணில் வைத்துக் கட்டுகிற சல்லாத் துணி. விளம்பரத்தில் இல்லாத வரி. அதற்காகவே கூப்பிட்டேன். சுந்தரபாண்டியத்திலிருந்து ஒரு பெண் வந்தாள்.

“ரிங் பிரேம் தெரியுமாம்மா?”

“அது அந்தக் கடைக்காரரு போட்டது சார். நான் கண்ணால பாத்ததுகூட இல்ல.”

“நாப்பது சதவீதம் தரத்தை உயர்த்துனேன்னு இருக்கே?”

“அதுவும் அவிய போட்டதுதான். நம்பர் இல்லாட்டி எடுபடாதுன்னு சொன்னாவ.”

“சரி, மூழ்குற நேரம்னா என்ன?”

அவள் முகமே மாறிவிட்டது. “துணியத் தண்ணி மேல மெதுவா விடணும் சார். பத்து செகண்டுக்குள்ள முங்கணும். மெதந்துச்சுன்னா பஞ்சுல உள்ள மெழுகு வெளுக்கையில சரியாப் போகலன்னு அர்த்தம். புண்ணுல வச்சா ரத்தத்தை இழுக்காது. ஒருக்கா லோடு ஏத்துன பொறவு லாரிய நிப்பாட்டிட்டேன். மேனேஜர் வஞ்சாரு. ஆனா அம்புட்டையும் திரும்ப வெளுத்தாவ.”

இத்தனை நாளில் நான் கேட்ட முதல் நிஜமான சாதனை அது. ரெஸ்யூமேயில் அது இல்லை. அவள் வேலை பார்த்த யூனிட்டை மூடிவிட்டார்கள். இங்கே கிடைக்காவிட்டால் இரண்டு பிள்ளைகளையும் அம்மா வீட்டில் விட்டுவிட்டுத் திருப்பூர் போக வேண்டும் என்றாள்.

மறுநாள் நான் சொல்லாமலே ஒரே பக்கத்தில் புது ரெஸ்யூமே கொண்டு வந்தாள். “பொய்யெல்லாம் எடுத்துட்டேன் சார்” என்றாள். இவளைத்தான் எடுக்க வேண்டும் என்று ஒரு குறிப்பு எழுதி, அதை ரெஸ்யூமேயோடு சேர்த்துச் சின்ன முதலாளியிடம் கொண்டுபோனேன்.

அவர் வந்த ரெஸ்யூமே எல்லாவற்றையும் ஒரு சாப்ட்வேரில் போட்டார். விளம்பரத்தில் உள்ள சொற்கள் ரெஸ்யூமேயில் எத்தனை இருக்கின்றன என்று பார்த்து மார்க் போடுகிற சாப்ட்வேர். அவள் கடைசியில் கிடந்தாள். ராஜபாளையத்துப் பையன் ஒருவன் முதலில் வந்தான். எனக்குச் சந்தேகம். அவன் ரெஸ்யூமேயைத் திறந்து, பக்கம் முழுவதையும் மவுசால் இழுத்துத் தேர்வு செய்தேன். வெறுமையாகத் தெரிந்த அடிப்பகுதியில் வரி வரியாக நீலம் படர்ந்தது. எங்கள் விளம்பரம் முழுவதையும் வெள்ளை எழுத்தில் ஒளித்து வைத்திருந்தான். ரிங் பிரேமும் இருந்தது.

காட்டினேன். சின்ன முதலாளி சிரித்தார்.

“வெவரமான பையன் அண்ணாச்சி. அந்தப் பொண்ணு பேப்பர்ல என்ன இருக்கு? தண்ணியில துணியப் போடுததுக்கு ஒரு சூப்பர்வைசரா?”

“அதுதான் சார் வேலையே” என்றேன். மூழ்குகிற நேரத்தையும் லாரியை நிறுத்திய கதையையும் சொன்னேன். அவர் அதற்குள் அந்தப் பையனைக் கூப்பிடப் போனை எடுத்துவிட்டார். ஊதுகிற சங்கை ஊதியாயிற்று, செவிட்டுக் காதில்.

வேலை கிடைக்காதவர்களுக்கு மெயில் எழுதி அனுப்புவதையும் அந்த சாப்ட்வேரே பார்த்துக்கொண்டது. நான் படித்துப் பார்ப்பதற்குள் எல்லோருக்கும் போய்விட்டது.

சாயங்காலம் அவள் போன் செய்தாள். பின்னால் பிள்ளைகளின் சத்தம் கேட்டது. குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

“சார், மெயில் வந்திருச்சு. கடைக்காரரு வாசிச்சுக் காட்டுனாரு. ‘உங்கள் அனுபவமும் நேர்மையும் எங்களை ஆழமாகக் கவர்ந்தன’ன்னு மொத வரியிலேயே இருக்கு. நீங்கதான எழுதுனிய? மிச்சத்தக்கூட வாசிக்க விடல சார், ஒடனே ஒங்களுக்குப் போட்டுட்டேன். நான் என்னைக்கு வேலைக்கு வரணும்?”